பஞ்சுக்குக் கீழே குளிர், மேலே புழுக்கம்

சென்னையில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீடுகளில் ஃபால்ஸ் சீலிங் பெரும்பாலும் வெயிலுக்குப் பயந்துதான் போடப்படுகிறது. மே மாதத்தில் பகல் முழுக்கக் காய்ந்த கான்கிரீட் தளம் இரவு பத்து மணிக்கும் அனலை உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும். ஏசி ஓடிக்கொண்டே இருக்கும், அறை குளிராது. அதனால் தளத்துக்கு ஓரடி கீழே ஜிப்சம் போர்டு அடித்து, அதன் முதுகில் 50 மில்லிமீட்டர் கிளாஸ் வுல் விரிக்கிறார்கள். வேலையாட்கள் அதைப் பஞ்சு என்றுதான் சொல்வார்கள். இடைவெளி விடாமல் விரித்தால் மேலிருந்து இறங்கும் வெப்பம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறையும்.

இதுவரை எல்லோருக்கும் தெரியும். பஞ்சு போட்ட பிறகு சீலிங்குக்கு மேலே என்ன மாறுகிறது என்பதைத்தான் குறித்துவைக்க நினைக்கிறேன். பஞ்சு இல்லாதபோது போர்டின் மேல் பக்கமும் வெதுவெதுப்பாக இருந்தது. இப்போது போர்டு அறையின் குளிரோடு சேர்ந்துவிட்டது. பஞ்சுக்கு மேலே இருக்கும் காற்று தளத்தின் சூட்டோடு சேர்ந்துவிட்டது. ஆகவே ஈரம் எந்த இடத்தில் நீராகும் என்பதையும் இனி பஞ்சுதான் முடிவு செய்கிறது.

*

ஒரு கணக்கு. கடற்கரைப் பக்கத்து மாலைப் பொழுது: வெப்பம் 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம். இந்தக் காற்று 27 டிகிரிக்குக் குளிர்ந்தாலே அதிலுள்ள ஆவி நீராகத் தொடங்கிவிடும். ஏசி அறையை 24-ல் வைத்திருக்கிறோம். போர்டும் 24-ஐ ஒட்டித்தான் இருக்கும். வெளிக்காற்று எந்த வழியாகவாவது சீலிங்குக்கு மேலே வந்து, பஞ்சுக்குள் இறங்கி, போர்டின் முதுகைத் தொட்டால் அங்கே வேர்க்கும்.

எவ்வளவு வேர்க்கும்? 12 அடிக்கு 15 அடி அறை, சீலிங்குக்கு மேலே முக்கால் அடிக்குச் சற்று அதிக இடைவெளி என்று வைத்துக்கொண்டால் உள்ளே நிற்கும் காற்று சுமார் 4 கனமீட்டர். அந்தக் காற்று 27-லிருந்து 24-க்கு இறங்கினால் விடும் நீர் சுமார் 16 கிராம்தான். ஒரு மேசைக்கரண்டி. அதனால் எந்தக் கெடுதலும் இல்லை. போர்டின் தாள் அதை உறிஞ்சிக்கொண்டு மறுநாள் விட்டுவிடும்.

ஆனால் ஏசியின் காப்பர் பைப் வெளியே போவதற்குச் சுவரில் போட்ட துளை சீலிங்குக்கு மேலே இருந்து, அதைச் சுற்றிப் பூசாமல் விட்டிருந்தால் கணக்கே வேறு. அந்தக் கரண்டி நீர் மணிக்கு மணி புதிதாக வந்துகொண்டிருக்கும். மூடிய இடைவெளி ஆபத்தில்லை, திறந்த துளைதான் ஆபத்து. பஞ்சின் தடிமனைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறவர்கள் இந்தத் துளையைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேச வேண்டும்.

*

அலுமினியத் தாள் ஒட்டிய பஞ்சு வாங்கினால் தாள் எந்தப் பக்கம் இருக்க வேண்டும்?

ஆவி சூடான, ஈரமான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்குப் போகும். அதைச் சூடான பக்கத்திலேயே நிறுத்த வேண்டும். சென்னையில் சூடான பக்கம் மேல் பக்கம், தளத்தைப் பார்க்கும் பக்கம். அதனால் தாள் மேலே. அங்கே தாளின் சூடு 30 டிகிரிக்கு மேல் இருக்கும். ஆவி அதில் முட்டி நின்றாலும் நீராகாது.

குளிர்நாட்டுக் கையேடுகளில் தாள் அறையைப் பார்க்க வேண்டும் என்று போட்டிருக்கும். அங்கே ஹீட்டர் போட்ட அறைதான் சூடு, கூரைதான் குளிர். ஊட்டியில் குளிர்கால ஹீட்டர் அறைக்கு அது பொருந்தும். அதை அப்படியே சென்னை ஏசி அறைக்குச் செய்தால் தாள் குளிர்ந்த பக்கத்தில் உட்காரும். மேலிருந்து பஞ்சுக்குள் இறங்கும் ஆவி முழுவதும் அந்தக் குளிர்ந்த தாளில்தான் நீராகும். தாளோ உறிஞ்சாது. நீர் அதன்மேல் ஓடி, இரண்டு விரிப்புகள் சேரும் இடத்தில் ஒரே புள்ளியாக இறங்கும். பார்க்கிறவர்களுக்கு அது தளத்து ஒழுக்கு மாதிரியே தெரியும்.

*

அப்படி ஒரு வீட்டைப் பார்த்தேன். கடற்கரைக்கு அருகே, மேல் மாடிப் படுக்கையறை, அதே 12க்கு 15. ஜூன் மாதத்தில் ஏசிக்கு எதிரே மூன்றடி தள்ளி டீ நிறத்தில் ஒரு வளையம். வீட்டுக்காரர் தளம் ஒழுகுகிறது என்று முடிவுசெய்து மொட்டை மாடி முழுவதற்கும் வாட்டர் புரூஃபிங் செய்துவிட்டார். அந்த ஆண்டு ஐப்பசி, கார்த்திகை மழையில் சீலிங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. வேலை பலித்தது என்று நினைத்தார்கள். அடுத்த கோடையில் அதே இடத்தில் வளையம் பெரிதானது.

விடை அந்தத் தேதிகளிலேயே இருந்தது. வடகிழக்கு மழையில் வராமல் வெயில் காலத்தில் வருகிற கறைக்குத் தளத்து ஒழுக்கு காரணமாக இருக்க முடியாது. போர்டில் ஒரு சதுரம் வெட்டித் திறந்தபோது தளத்தின் அடிப்பக்கம் காய்ந்து, உப்புப் பூக்காமல் சுத்தமாக இருந்தது. பஞ்சின் மேல் பக்கமும் உலர்ந்திருந்தது. கீழ்ப் பக்கம் மட்டும் நனைந்து கனத்தது. தாள் கீழே பார்த்துக் கிடந்தது. போர்டின் முதுகில் கரும்புள்ளியாகப் பூஞ்சை. வெளிச்சுவரில் பைப் போகும் துளையைச் சுற்றி இரண்டு விரல் நுழையும் சந்து.

ஏன் ஏசிக்கு எதிரே மட்டும்? சுவர் ஏசியின் இறக்கை படுத்த நிலையில் இருக்கும்போது குளிர்காற்று சீலிங்கைத் தடவிக்கொண்டே போகும். அந்த மூன்று நான்கு அடிதான் போர்டிலேயே மிகக் குளிர்ந்த இடம். அறை 24 டிகிரி என்றாலும் அந்தப் பகுதி அதற்குக் கீழே இறங்கிவிடும்.

செய்த வேலை: நனைந்த போர்டுகளைக் கழற்றி, நனைந்த பஞ்சை எறிந்து, சுவர்த் துளையை உள்ளும் வெளியும் சீலண்ட் வைத்து அடைத்தார்கள். புதுப் பஞ்சைத் தாள் மேலே இருக்கும்படி விரித்து, தாள்கள் சேரும் இடங்களிலும் ஹேங்கர் துளைக்கும் இடங்களிலும் அலுமினிய டேப் ஒட்டினார்கள். ஏசியின் இறக்கையைக் கொஞ்சம் கீழே திருப்பி வைத்தார்கள். திறந்து பார்க்க ஒரு கதவும் வைத்தார்கள். மொட்டை மாடிக்குச் செலவழித்ததில் இது சிறு பகுதி.

*

கறை வந்தால் முதலில் கேட்க வேண்டியது, எப்போது வந்தது என்பதுதான்.

மழை பெய்து சில மணியிலோ ஓரிரு நாளிலோ வந்தால் தளம், அல்லது மழைநீர்க் குழாய். சந்தேகம் தீர, வெயில் நாளில் மொட்டை மாடியின் அந்தப் பகுதியில் வரம்பு கட்டி இரண்டு அங்குலம் தண்ணீரை ஒரு நாள், இரண்டு நாள் நிறுத்திப் பார்க்கலாம்.

ஏசி ஓடும் மாதங்களில் மட்டும் வந்தால் மூன்றில் ஒன்று: டிரெயின் பைப் அடைப்பு, காப்பர் பைப்பின் ரப்பர் உறை விலகிய இடத்தில் வேர்ப்பது, அல்லது மேலே சொன்னபடி போர்டே வேர்ப்பது. முதல் இரண்டும் பைப் போகும் பாதையிலேயே விழும். மூன்றாவது குளிர்காற்று தடவும் இடத்தில் விழும். மூன்று நாள் ஏசியை நிறுத்திவைத்துப் பார்த்தால் இந்த வகை வளராது.

மழையும் இல்லை, ஏசியும் இல்லை, எப்போதும் ஈரம் என்றால் மேல் வீட்டுக் குளியலறையோ மொட்டை மாடித் தொட்டியின் குழாயோதான்.

*

டிரெயின் பைப்பைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். புழுக்கமான நாளில் ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலேயே நீர் விடும். பைப்புக்குள் பாசி பிடித்து அடைத்துக்கொண்ட இரவில் எட்டு மணி நேரம் ஓடினால் எட்டு லிட்டர். அத்தனையும் பஞ்சுக்குள் போகும். கிளாஸ் வுல் அதை வாங்கி வைத்துக்கொள்ளும். மூன்றடிக்கு மூன்றடி விரிப்புக்குள் அவ்வளவும் அடங்கும். கீழே ஒரு சொட்டுகூட விழாமல் இருக்கலாம். பஞ்சு இல்லாத சீலிங் உடனே காட்டிக்கொடுக்கும். பஞ்சு உள்ள சீலிங் மறைத்துவைத்து, தொங்கத் தொடங்கிய பிறகுதான் காட்டும்.

அதனால் சீலிங்குக்கு மேலே போகும் டிரெயின் பைப் கெட்டியான பி.வி.சி.யாக இருக்க வேண்டும். நெளியும் ஹோஸ் இரண்டு கிளாம்புகளுக்கு நடுவே தொய்ந்து, அந்தத் தொய்வில் நீர் நின்று, பாசி அங்கேதான் பிடிக்கும். நூறு செ.மீ.க்கு ஒரு செ.மீ.யாவது சரிவு வேண்டும். உள்ளே ஓடும் நீர் குளிர்ந்தது என்பதால் டிரெயின் பைப்புக்கும் ரப்பர் உறை போட வேண்டும். இல்லையேல் பைப்பின் வெளிப்பக்கமே வேர்த்துச் சொட்டும். இந்த உறையைத்தான் அதிகம் விட்டுவிடுகிறார்கள்.

*

தொங்கல். எல்லாத் தொங்கலும் ஒன்றல்ல. ஒரு டார்ச்சைச் சுவரோரமாகச் சீலிங்கை ஒட்டிச் சாய்த்து அடித்தால் நிழலிலேயே தெரிந்துவிடும்.

ஒன்றரை அடிக்கு ஒரு அலையாகத் தெரிந்தால் போர்டு தொங்கியிருக்கிறது. மேலே சட்டம் சரியாக இருக்கிறது, இரண்டு செக்‌ஷன்களுக்கு நடுவே போர்டு மட்டும் வளைந்திருக்கிறது.

அறையின் நடுவே அகலமான ஒரே குழிவாகத் தெரிந்தால் சட்டமே இறங்கியிருக்கிறது. தளத்தில் அடித்த ஃபாஸ்டனர் நழுவியிருக்கும், அல்லது ஹேங்கரை மரக்கட்டை செருகி மாட்டியிருப்பார்கள். இதுதான் ஆபத்தானது. கீழே கட்டில் இருந்தால் அன்றைக்கே நகர்த்திவிட வேண்டும்.

ஸ்க்ரூ தலைகளைச் சுற்றி வட்டவட்டமாக மேடு தெரிந்தால் ஸ்க்ரூவை அளவுக்கு மேல் முறுக்கித் தாளைக் கிழித்திருக்கிறார்கள், அல்லது ஈரத்தில் துரு ஏறியிருக்கிறது. ஜிப்சம் போர்டைத் தாங்குவது உள்ளே இருக்கும் மாவைவிட வெளியே இருக்கும் தாள்தான். தாள் கிழிந்த ஸ்க்ரூ எதையும் பிடிக்காது.

*

எடைக் கணக்கைப் பார்த்தால் போர்டு ஏன் வளைகிறது என்பது புரியும். 12.5 மில்லிமீட்டர் போர்டு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் எட்டரை கிலோ. கனமீட்டருக்கு 24 கிலோ அடர்த்தியுள்ள 50 மில்லிமீட்டர் கிளாஸ் வுல் வெறும் 1.2 கிலோ. உலர்ந்த பஞ்சு ஒரு சுமையே இல்லை. ராக் வுல் 48 அடர்த்தி என்றாலும் 2.4 கிலோதான்.

அமெரிக்க ஜிப்சம் சங்கத்தின் வழிகாட்டி, அரை அங்குல போர்டின் மேல் பஞ்சுச் சுமை எவ்வளவு இருக்கலாம் என்று சொல்கிறது: தாங்கும் கட்டைகள் 24 அங்குல இடைவெளியில் இருந்தால் சதுர அடிக்கு 1.3 பவுண்டு, அதாவது சதுர மீட்டருக்கு ஆறேகால் கிலோ அளவு. 16 அங்குலத்தில் 2.2 பவுண்டு, பத்தரை கிலோவுக்குச் சற்று மேல். நம் ஊரில் செக்‌ஷன்களை ஒன்றரை அடிக்கு, 457 மில்லிமீட்டருக்கு ஒன்றாக வைப்பது வழக்கம். அது இரண்டுக்கும் நடுவே விழுகிறது. செலவைக் குறைக்க இரண்டடிக்கு ஒன்றாக வைக்கும்போது கைவசம் இருந்த தாங்குதிறனில் பெரும்பகுதி போய்விடுகிறது.

இப்போது அந்த எட்டு லிட்டரைப் போட்டுப் பாருங்கள். மூன்றடிக்கு மூன்றடி என்பது ஏறக்குறைய 0.84 சதுர மீட்டர். அங்கே 8 கிலோ நீர் நின்றால் சதுர மீட்டருக்கு ஒன்பதரை கிலோ. பஞ்சையும் சேர்த்தால் பதினொன்றை நெருங்குகிறது. இரண்டடி இடைவெளிக்கு இது தாங்காது. ஒன்றரை அடிக்கும் மிகைதான். அந்த நேரத்தில் போர்டும் உலர்ந்த போர்டு அல்ல, நனைந்து பலம் இழந்தது. சுமை ஏறுவதும் பலம் குறைவதும் ஒரே இரவில் நடக்கின்றன.

பிறகு காய்ந்தால் போர்டுக்குப் பலம் பெருமளவு திரும்பும். வளைவு திரும்பாது. தொங்கிய போர்டைக் கட்டை கொடுத்து நிமிர்த்தி பட்டி பூசுவதில் பயனில்லை; மாற்றத்தான் வேண்டும்.

*

இன்னொன்று, போர்டின் திசை. நீளப் பக்கம் செக்‌ஷன்களுக்குக் குறுக்கே போக வேண்டும். தாளின் நார் நீளவாட்டில் ஓடுவதால் போர்டுக்கு அந்தத் திசையில்தான் பலம் அதிகம். துண்டு மிச்சப்படுத்துவதற்காகத் திருப்பி அடித்த போர்டு ஈரமே படாமலும் மெல்ல மெல்லத் தொங்கும்.

*

பச்சைத் தாள் போட்ட, ஈரம் தாங்கும் போர்டு வாங்கினால் போதுமா? குளியலறைக்கும் சமையலறைக்கும் அது நல்லது. உள்ளே சேர்த்த மெழுகோ சிலிகோனோ நீரை உறிஞ்சும் வேகத்தைக் குறைக்கிறது. ஆனால் அது காற்றின் ஈரத்துக்கும் எப்போதாவது தெறிக்கும் நீருக்கும் செய்தது. மேலே நனைந்த பஞ்சு நாள்கணக்கில் படுத்திருந்தால் பச்சை போர்டும் தொங்கும். கசிவை நிறுத்துவதற்கு அது மாற்று ஆகாது.

*

சீலிங் வயிறு தள்ளி நீர் நிற்பது தெரிந்தால்:

முதலில் அந்த அறை விளக்குகளின் எம்.சி.பி.யை அணைக்கவும். வாளி வைக்கவும். தள்ளியிருக்கும் இடத்தின் மிகத் தாழ்ந்த புள்ளியில், பக்கவாட்டில் நின்றுகொண்டு, ஸ்க்ரூ டிரைவரால் ஒரு சிறு துளை போட்டு நீரை வடிக்கவும். துளை போட்ட போர்டு ஒன்று போகும். போடாவிட்டால் நீர் பரவி மூன்று போர்டு போகும். பிறகு பஞ்சை வெளியே எடுக்கவும். மூடிய இடைவெளியில் அது தானாகக் காயாது. ஈரம் ஓரிரண்டு நாளுக்கு மேல் நின்றால் தாளில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். அதற்குள் காய்ந்து, தட்டையாகவும், கட்டைவிரல் நகம் அழுத்தினால் பதியாமலும் இருக்கும் போர்டை வைத்துக்கொள்ளலாம். நகம் பதிந்தால் வெட்டி எடுக்க வேண்டும். வெட்டு, செக்‌ஷனின் நடுக்கோட்டில் வர வேண்டும், அப்போதுதான் புதுத் துண்டுக்கு ஸ்க்ரூ அடிக்க இடம் கிடைக்கும்.

*

கதவு. சீலிங் போடும்போது யாரும் கேட்க விரும்பாத பொருள் இது. வழவழப்பான பரப்பில் ஒரு சதுரம் தெரியும் என்பது வீட்டுக்காரரின் கவலை. கதவு இல்லாத சீலிங்கில் முதல் பழுதுக்கே ரம்பம் வைக்க வேண்டும். ஏசி மெக்கானிக் வெட்டிய ஓட்டையை ஒட்டுப்போட்டால் அது கதவைவிட மோசமாகத் தெரியும்.

ஒரு அடி கதவில் கை மட்டும் நுழையும். ஒரு வால்வைத் திருப்ப, ஜங்ஷன் பாக்ஸைப் பார்க்க அது போதும். தலையும் தோளும் நுழைந்து வேலை செய்ய இரண்டடிக்கு இரண்டடி வேண்டும். எங்கே வைப்பது என்பதற்கு ஒரே விதி: பழுதாகக்கூடிய பொருளுக்கு நேர் கீழே அல்ல, அதன் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில். டிரெயின் பைப் திரும்பும் இடம், காப்பர் பைப்பின் நட்டு ஜாயிண்ட், ஒயர்கள் பிரியும் பெட்டி ஆகியவை பட்டியலில் முதலில் வருபவை. தளத்தின் பீம் நடுவே இறங்கியிருந்தால் சீலிங்குக்கு மேலே அது இரண்டு அறை ஆகிறது. ஒரு பக்கத்துக் கதவிலிருந்து மறுபக்கம் எட்டாது. இரண்டு கதவு வேண்டும்.

கதவுக்காகச் செக்‌ஷனை வெட்டிவிட்டு அப்படியே விடக்கூடாது. நாலு பக்கமும் சட்டம் கொடுத்து, பக்கத்தில் ஒரு ஹேங்கர் கூடுதலாக இறக்க வேண்டும். சீலிங் தொங்கத் தொடங்குவது பலமுறை கதவின் மூலையிலிருந்துதான்.

கதவுக்கு மேலே பஞ்சு இல்லாமல் விட்டால் அந்த இடத்தில் வெப்பம் இறங்கும், ஓரத்தில் வெளிக்காற்றும் இறங்கும். பஞ்சை அளவாக வெட்டி, அலுமினியத் தாளால் சுற்றித் தலையணை போல் கட்டிக் கதவின் முதுகில் ஒட்டிவிட்டால் திறக்கும்போது தூசு கண்ணில் கொட்டாது, மூடும்போது பஞ்சு தானே இடத்தில் உட்காரும். ஓரத்தில் ரப்பர் பட்டை வேண்டும்.

*

விளக்குகளுக்கு மேல் பஞ்சை மூடக்கூடாது. எல்.இ.டி. டவுன்லைட்டின் சூடு முதுகு வழியாகத்தான் வெளியேறும். பஞ்சு மூடினால் டிரைவர் சீக்கிரம் போகும், ஒயரின் உறை கருகும். விளக்கைச் சுற்றிப் பஞ்சை விலக்கி, டிரைவரைப் பஞ்சுக்கு மேலே வைக்க வேண்டும். அல்லது பஞ்சு மேலே வந்தாலும் பரவாயில்லை என்று தயாரிப்பாளரே எழுதித் தரும் விளக்கை வாங்க வேண்டும். ஓட்டைகள் குறைவாக இருந்தால் பஞ்சுக்கும் நல்லது. மின்விசிறி எப்போதும் தளத்துக் கொக்கியிலிருந்துதான். அதன் கம்பி போர்டைத் தொடாமல் இறங்க வேண்டும்.

*

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. கோடை தொடங்குமுன் ஏசி சர்வீஸ் செய்பவரை டிரெயின் பைப்பில் தண்ணீர் ஊற்றி மறுமுனையில் வருகிறதா என்று காட்டச் சொல்ல வேண்டும். அதே நாளில் கதவைத் திறந்து, அருகிலிருக்கும் பஞ்சின் அடியில் கைவைத்துப் பார்க்க வேண்டும். கையுறை வேண்டும், கண்ணாடி நார் அரிக்கும், முகக்கவசமும் வேண்டும். மழை முடிந்த பிறகு இன்னொரு முறை தளத்தின் அடிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் நீர் வந்து போயிருக்கிறது.

*

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சட்டம் கட்டி, பைப்பும் ஒயரும் போட்டு, போர்டு அடிப்பதற்கு முந்திய நாள், வேலையை நிறுத்தி அறையின் நாலு மூலையிலிருந்தும் மேலே பார்த்துப் படம் எடுக்க வேண்டும். அளவு நாடாவைச் சுவரிலிருந்து நீட்டி, பைப், பெட்டி, ஹேங்கர் ஒவ்வொன்றும் எத்தனை அடியில் இருக்கிறது என்பது படத்திலேயே தெரியும்படி எடுக்க வேண்டும். அந்த நாளிலேயே சுவர்த் துளைகள் அடைபட்டனவா, டிரெயின் பைப்பில் ஒரு வாளி நீர் ஊற்றினால் தங்காமல் போகிறதா, பஞ்சின் தாள் மேலே பார்க்கிறதா என்று மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் முதல் போர்டை ஏற்றச் சொல்ல வேண்டும். படங்களின் ஒரு பிரதியை உறையில் போட்டுக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தால், பத்து ஆண்டு கழித்து வரும் மெக்கானிக்கும் வெட்டாமல் வேலையைத் தொடங்குவார்.